பரந்தன் பம்ப் கடை ஐயாவுக்கு ஈமெயில் எழுதுறது எப்பிடி?

கேள்வி: அக்கா, நான் தர்மபுரம். வெப்சைட் டிசைன் படிச்சு முடிச்சிட்டு வீட்டில இருந்து ஃப்ரீலான்ஸ் செய்ய வெளிக்கிட்டிருக்கிறன். கிளிநொச்சிப் பக்கத்துக் கடையளுக்கு ஈமெயில் போட்டன், ஒருத்தரும் பதில் போடேல்ல. "இன்றைய டிஜிட்டல் உலகில் ஒவ்வொரு வணிகத்துக்கும் இணையத்தளம் அவசியம், ரெஸ்பொன்சிவ் டிசைன், எஸ்ஈஓ எல்லாம் குறைந்த விலையில் செய்து தருவோம்" எண்டு தொடங்கி ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தன். இப்ப பரந்தன் சந்தியில ஒரு வோட்டர் பம்ப் கடைக்கு எழுதப் போறன். ஓனர் வயசான ஐயா, சாமானும் இருக்கு, ரிப்பேரும் செய்யினம். வெப்சைட்டால அவருக்கு ஆக்கள் எப்பிடி வருவினம் எண்டு விளங்குற மாதிரி எப்பிடி எழுதுறது?

பதில்: தங்கச்சி, அந்த ஐயா சந்தியில கடை வச்சிருக்கிறவர். ஏ9 ரோட்டால போறவைக்கும் முல்லைத்தீவு ரோட்டால வாறவைக்கும் அவற்ற போர்ட் கண்ணில படும், அவை வெப்சைட் இல்லாமலும் வருவினம், அதால "கஸ்டமர் கூடும்" எண்டு மொட்டையா எழுதினா "எங்கயிருந்து பிள்ளை கூடும்?" எண்டுதான் அவர் மனசுக்குள்ள கேப்பார், அது நியாயமான கேள்வி. உங்கட ஈமெயில் முழுக்க அந்த ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லோணும். ரெஸ்பொன்சிவ், எஸ்ஈஓ எண்ட சொல்லெல்லாம் அப்பிடியே வெட்டி விடுங்கோ, அது நாங்கள் செய்யிற வேலையின்ர பேர், அவற்ற கடைக்கு ஆர் வரப்போகினம் எண்டதை அது சொல்லாது.

பம்ப் கடைக்கு வெப்சைட்டால வரக்கூடிய ஆக்கள் எண்டு பார்த்தா எனக்கு ரெண்டு பேர்தான் தெரியினம். ஒருத்தர் புதுக்குடியிருப்பிலயோ விசுவமடுவிலயோ கச்சானோ மிளகாயோ போட்டிட்டு இருக்கிறவர். வெயில் காலத்தில, தண்ணி இறைக்கிற நேரம் பார்த்து மிசின் நிண்டிட்டுது, சீல் போட்டுதோ கார்ப்ரேட்டர் அடைச்சுதோ தெரியாது, பரந்தனுக்கு பெற்றோல் அடிச்சு வந்து "அந்த பார்ட் இல்லையே" எண்டு திரும்பிப் போக அவருக்கு விருப்பமில்லை. அவற்ற மகன் போனை எடுத்து தேடுவான். மற்றவர் ரொறன்ரோவிலயோ லண்டனிலயோ இருக்கிற பிள்ளை, அப்பாவுக்கு ஒரு புது மிசின் வாங்கிக் குடுக்க காசு இருக்கு, ஆனா என்ன மிசின், என்ன விலை, எந்தக் கடை எண்டு தெரியாமல் மச்சானுக்கும் சித்தப்பாவுக்கும் மாறி மாறி கோல் எடுத்துக்கொண்டிருப்பார். இந்த ரெண்டு பேரையும் அந்த ஐயா ஏதோ ஒரு விதத்தில சந்திச்சிருப்பார், அதால எழுதினா உடன விளங்கும்.

எழுத முதல் ஒரு வேலை செய்யோணும். தேடிப் பாருங்கோ, ஆனா தர்மபுரத்தில உங்கட வீட்டில இருந்து மட்டும் தேடிப் போட்டு முடிவெடுக்காதேங்கோ. இப்பிடிப் பக்கத்துக் கடையளைத் தேடேக்க கூகுள் தேடுற ஆள் நிக்கிற இடத்தையும் பார்த்துத்தான் காட்டும். பொருத்தம், தூரம், எவ்வளவுக்கு அறியப்பட்ட கடை எண்ட மூண்டையும் வச்சுத்தான் வரிசை வருது எண்டு கூகுளே சொல்லியிருக்கு, காசு குடுத்து அந்த வரிசையில மேல ஏற ஏலாது எண்டும் சொல்லியிருக்கு. அதால பரந்தனில நிண்டு தேடினா வாற கடை புதுக்குடியிருப்பில நிண்டு தேடினா வராமல் போகலாம். விசுவமடுவில, புதுக்குடியிருப்பில இருக்கிற சிநேகிதப் பிள்ளையளிட்ட சொல்லி, போனில இன்கொக்னிட்டோவைத் திறந்து, ஆக்கள் ரைப் பண்ணுற மாதிரியே தேடச் சொல்லுங்கோ. எங்கட ஆக்கள் தமிழில கதைச்சாலும் கனபேர் இங்கிலிஸ் எழுத்திலதான் ரைப் பண்ணுவினம், `water pump repair kilinochchi` எண்டும் தேடிப் பாருங்கோ, `தண்ணீர் பம்ப் பரந்தன்` எண்டும் தேடிப் பாருங்கோ. என்ன வந்துதோ அதை அப்பிடியே ஸ்கிரீன்சொட் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. அந்தப் படம் ஒண்டுதான் ஈமெயிலோட போகோணும், பத்துப் பக்க பீடிஎஃப் வேண்டாம்.

தேடினா கடை வருது, மப்பில ஆரோ ஒருத்தர் பின் போட்டு வச்சிருக்கினம், ஆனா போன் நம்பர் பழசு, திறக்கிற நேரம் பிழை எண்டு இருந்தா அது இன்னும் நல்ல தொடக்கம். "மப்பில இருக்கிற நம்பருக்கு எடுத்தன், வேலை செய்யேல்ல" எண்ட ஒரு வரியை எந்தக் கடைக்காரரும் வாசிக்காமல் விடமாட்டார். ஆனா உண்மையா எடுத்துப் பார்த்திட்டு எழுதுங்கோ.

இனி கொஞ்சம் கசப்பான விசயம். அந்த முதலாவது ஆளைக் கூட்டிக்கொண்டு வாறதில பெரிய பங்கு வெப்சைட்டுக்கு இல்லை, கூகுள் மப்பில கடையைப் பதியிற கூகுள் பிசினஸ் புரொபைலுக்குத்தான். அதுக்கு கூகுள் காசு வாங்குறேல்ல. இதை மறைச்சுப் போட்டு வெப்சைட்டை மட்டும் வித்தா, நாலு மாதத்தில அவற்ற மருமகனோ பேரனோ வந்து "இது ஃப்ரீயாச் செய்யலாமே தாத்தா" எண்டு சொல்ல உங்கட பேர் பரந்தன் முழுக்கப் போயிடும். நீங்களே முதல் சொல்லுங்கோ. சொல்லிப் போட்டு உங்கட வேலைக்கு கூலி கேளுங்கோ, ஏனெண்டா பதியிறது ஃப்ரீ எண்டாலும் வேலை இருக்கு. கடை உண்மையா இருக்கெண்டு காட்ட கூகுள் கனக்க நேரம் வீடியோ கேக்கும், வெட்டாமல் ஒட்டாமல் ஒரே மூச்சில எடுக்கோணும், ரோட்டும் பக்கத்துக் கடையும் தெரியோணும், போர்ட் தெரியோணும், பிறகு திறப்பால கடையைத் திறக்கிறதோ கல்லாவுக்குப் பின்னால போறதோ தெரியோணும், அப்பத்தான் கடையை நடத்துறவர் இவர்தான் எண்டு அவைக்கு விளங்கும். போர்ட்டில ஒரு பேர், புரொபைலில இன்னொரு பேர் எண்டு இருந்தா வெரிஃபை ஆகாமல் திரும்பி வரலாம், அதால போர்ட்டில இருக்கிற மாதிரியே பேரைப் போடுங்கோ. ஓனர் எண்டு அவற்ற ஜிமெயிலைப் போட்டு, உங்களை மனேஜரா மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கோ.

அப்ப வெப்சைட் எதுக்கு? மப்பில கடையின்ர பேரும் நம்பரும் நேரமும் படமும் வரும். ஆனா "இந்தக் கம்பனி ரெண்டு இஞ்சி மண்ணெண்ணெய் மிசினுக்கு சீல் இருக்கோ, ரீவைண்டிங் செய்வியளோ, எவ்வளவு நாளாகும்" எண்ட கேள்விக்கு பதில் வெப்சைட்டிலதான் வடிவா எழுதலாம், அப்பிடி எழுதி வச்சா அந்தச் சொல்லுகளைத் தேடுறவைக்கு அந்தப் பக்கம் வர வாய்ப்பும் இருக்கு. வெளிநாட்டுப் பிள்ளைக்கு வெப்சைட்தான் முக்கியம். அவர் நேரில வந்து பார்க்க மாட்டார், கடை உண்மையோ, காசு போட்டா அப்பாவின்ர கையில மிசின் போய்ச் சேருமோ எண்டதுதான் அவற்ற பயம். அதால "வெளிநாட்டிலிருந்து வாங்கிக் குடுக்க" எண்டு தனியா ஒரு பக்கம் போடச் சொல்லி அந்த ஐயாவிட்ட கேளுங்கோ. அதில என்ன வரோணும் எண்டா, மிசினின்ர படமும் விலையும், விலை எந்தத் திகதியில போட்டது எண்டும், வங்கிக் கணக்கு கடைப் பேரில இருக்கெண்டும், காசு வந்த பிறகு பில், வரண்டி காட், அப்பா மிசினோட நிக்கிற படம் மூண்டும் வட்சப்பில அனுப்புவம் எண்டும். இது அவர் இப்பவும் வாயால செய்துகொண்டிருக்கிற வியாபாரமாக் கூட இருக்கலாம், எழுதி வச்சா தெரியாத ஆளும் நம்பி வருவார்.

விலை போடுறதுக்கு கடைக்காரர் தயங்குவினம், அதை நீங்கள் மதிக்கோணும். 2022இல சாமான் விலை எப்பிடி ஏறினது எண்டு அவைக்கு மறக்காது, போட்ட விலைக்கு ஆள் வந்து நிண்டா சண்டை. மற்றக் கடைக்காரரும் பார்ப்பினம். நாலைஞ்சு மிசினுக்கு மட்டும் விலை போட்டு, பக்கத்தில திகதியும் போட்டு, மற்றதுக்கு "வட்சப்பில கேளுங்கோ" எண்டு விடலாம். மாத்துறது ஆரெண்டு முதலே பேசிக்கொள்ளுங்கோ. பழைய விலையோட கிடக்கிற வெப்சைட் கடைக்கு நட்டம்தான்.

இப்ப ஈமெயிலை நான் எழுதிக் காட்டுறன். காசு இருக்கிற இடத்தில புள்ளி வச்சிருக்கிறன், நீங்கள் உங்கட கணக்கைப் போடுங்கோ.

விசயம்: புதுக்குடியிருப்பில பம்ப் தேடினா உங்கட கடை வருகுதில்லை ஐயா

வணக்கம் ஐயா,

நான் தர்மபுரம், கடையளுக்கு வெப்சைட் செய்து குடுக்கிறன். போன கிழமை விசுவமடுவிலயும் புதுக்குடியிருப்பிலயும் தெரிஞ்ச ஆக்களை வச்சு போனில கூகுளில "water pump repair" எண்டு தேடிப் பார்த்தன். வேற கடையள் வந்தது, உங்கட கடை வரேல்ல. அந்தப் படத்தை இதோட அனுப்பியிருக்கிறன்.

உங்களிட்ட மிசினும் பார்ட்ஸும் ரிப்பேரும் ஒரே இடத்தில இருக்கு. அது தேடுறவைக்குத் தெரியேல்ல.

நான் ரெண்டு வேலை செய்து தரலாம். முதலாவது கூகுள் மப்பில கடையைச் சரியாப் பதியிறது. கூகுளுக்கு காசு இல்லை, என்ர கூலி ...... ரூபாய். ரெண்டாவது ஒரு சின்ன வெப்சைட், நாலு பக்கம்: இருக்கிற மிசின், இருக்கிற பார்ட்ஸ், செய்யிற ரிப்பேர், வெளிநாட்டுப் பிள்ளையள் ஊரில இருக்கிற அப்பா அம்மாவுக்கு வாங்கிக் குடுக்கிற விதம். ஒவ்வொரு பக்கத்திலயும் ஒரு பட்டன் இருக்கும், அமத்தினா நேர உங்கட வட்சப்புக்கு மெசேஜ் வரும். இதுக்கு ...... ரூபாய், பிறகு வருசத்துக்கு ...... ரூபாய். வெப்சைட்டின்ர பேர் உங்கட பேரிலதான் பதிவாகும்.

கூகுளில முதலாவதா வரும் எண்டு நான் சொல்லமாட்டன், அது ஒருத்தரின்ர கையிலயும் இல்லை. ஆனா மூண்டு மாதத்துக்கு மாதம் மாதம் எத்தனை பேர் கோல் எடுத்தவை, எத்தனை பேர் கடைக்கு வழி பார்த்தவை எண்டு கணக்குக் காட்டுவன்.

புதன்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு கடைக்கு வந்து பத்து நிமிசம் போனில காட்டவா ஐயா?

இவ்வளவுதான். இதில "எங்கட நிறுவனம்" எண்டு ஒரு இடத்திலயும் இல்லை பாருங்கோ. நீங்கள் தனி ஆள், பக்கத்து ஊர்ப் பிள்ளை, அதுதான் உங்களுக்கு பலம், கொழும்பில இருந்து மெயில் போடுற ஆளுக்கு அது இல்லை. கடைசியில ஒரே ஒரு கேள்வி மட்டும் இருக்கு, "ஓம்" எண்டு ஒரு சொல்லில பதில் போடலாம், "உங்கள் மேலான கருத்தை எதிர்பார்க்கிறோம்" எண்டு முடிச்சா அவர் என்ன செய்யோணும் எண்டே தெரியாது. மூண்டு மாதம் எண்டு எல்லை வச்சதும் காரணத்தோடதான், இல்லையெண்டா காலம் முழுக்க சும்மா கணக்குக் குடுத்துக்கொண்டிருப்பியள்.

பேர் பதியிற விசயத்தை நான் வேணுமெண்டு ஈமெயிலுக்குள்ள வச்சிருக்கிறன். டொமைனைச் செய்து குடுக்கிறவையே தங்கட பேரில பதிஞ்சு வச்சிருக்கிறதும், பிறகு கோபப்பட்டாலோ வெளிநாடு போனாலோ கடைக்காரர் தன்ர பேரையே மீட்க ஏலாமல் நிக்கிறதும் நடக்கிற விசயம். .lk பேர் எண்டா எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரியில ஐயாவின்ர விபரத்தோட பதியுங்கோ, பாஸ்வேர்ட்டை ஒரு கொப்பியில எழுதி அவரிட்டக் குடுங்கோ. வருசக் காசை முதலே எழுதினதும் அதுக்காகத்தான், ரெண்டாம் வருசம் திடீரெண்டு பில் போனா மனம் கசக்கும், கட்டாமல் விட்டா வெப்சைட் மறைஞ்சிடும்.

மாதக் கணக்குக் காட்டுவன் எண்டு எழுதிப் போட்டு எப்பிடிக் காட்டுறது எண்டு யோசிப்பியள். கூகுள் புரொபைலில எத்தனை பேர் கோல் பட்டனை அமத்தினவை, எத்தனை பேர் வழி கேட்டவை, எத்தனை பேர் வெப்சைட்டுக்குப் போனவை எண்டு அதுவே காட்டும். வெப்சைட்டில இருந்து வாறவையைப் பிரிச்சு அறிய ஒரு சுகமான வழி இருக்கு, வட்சப் பட்டனில மெசேஜை முதலே எழுதி வைக்கிறது:

```
https://wa.me/947XXXXXXXX?text=வெப்சைட்டில%20பார்த்தன்,%20பம்ப்%20பற்றி%20கேக்கோணும்
```

நம்பரில முன்னுக்கு இருக்கிற சைபரை எடுத்துப் போட்டு 94 போடோணும், கூட்டல் குறியோ இடைவெளியோ வரக்கூடாது, கனபேர் 077 எண்டு அப்பிடியே போட்டு பட்டன் வேலை செய்யேல்ல எண்டு நிப்பினம். இப்பிடி வச்சா ஆள் பட்டனை அமத்தினவுடன "வெப்சைட்டில பார்த்தன்" எண்ட வரி தானா வரும், அவர் அனுப்புறதுதான் மிச்சம். ஐயாவுக்கு அனலிட்டிக்ஸ் கிராஃப் ஒண்டும் காட்டத் தேவையில்லை, தன்ர போனில அந்த வரியோட வந்த மெசேஜுகளை தானே எண்ணிப் பார்ப்பார். பார்ட்ஸ் பக்கத்துக்கு ஒரு வசனம், வெளிநாட்டுப் பக்கத்துக்கு வேற வசனம் எண்டு வச்சா எந்தப் பக்கம் வேலை செய்யுது எண்டதும் தெரியும்.

வெளிநாட்டு மெசேஜ் வாற நேரத்தையும் அவருக்குச் சொல்லி வையுங்கோ. ரொறன்ரோவில வேலை முடிஞ்சு பின்னேரம் ஆறு மணிக்கு ஒருத்தர் மெசேஜ் போட்டா, அங்க கோடை காலமெண்டா இங்க விடியப்பறம் மூண்டரை மணி. காலமை கடை திறந்து, அலுவல் கூடி, பின்னேரம் பதில் போட்டா அந்தப் பிள்ளை அதுக்குள்ள வேற கடையைக் கேட்டிருப்பார். வட்சப் பிசினஸில, கடை பூட்டின நேரத்தில தானாப் போற பதில் ஒண்டு வைக்கலாம், "காலமை எட்டு மணிக்கு கடை திறந்தவுடன விலையும் படமும் அனுப்புறம்" எண்டு எழுதி வையுங்கோ. பிறகு எட்டு மணிக்கு அனுப்போணும். அதைச் செய்ய கடையில ஆள் இல்லையெண்டா வெளிநாட்டுப் பக்கத்தைப் போடாமல் விடுறதுதான் நல்லது.

ஈமெயிலை அனுப்பின பிறகு பதிலுக்குப் பார்த்துக்கொண்டிருக்காதேங்கோ. பில் புத்தகத்தில அடிச்சிருக்கிற ஈமெயில் ஏதோ பதிவுக்காக ஆரோ ஒருத்தர் திறந்து குடுத்ததா இருக்கும், பாஸ்வேர்ட் கூடத் தெரியாமல் இருக்கலாம். அதே எழுத்தையும் அதே படத்தையும் கடை வட்சப்புக்கும் போட்டு விடுங்கோ, பிறகு சொன்ன புதன்கிழமை சொன்ன நேரத்துக்கு போங்கோ. காலமை போகாதேங்கோ, கமக்காரர் மிசினை இறக்கிக்கொண்டு நிப்பினம், அந்த நேரம் அவருக்கு உங்களோட கதைக்க மனம் வராது.

அங்க போனா அவர் கேக்கப்போறது அநேகமா இதுதான், "எனக்கு ஃபேஸ்புக் பேஜ் இருக்கு, வட்சப் இருக்கு, இது எதுக்கு?" அதைத் தட்டிக் கதைக்காதேங்கோ. ஃபேஸ்புக்கில அவரைத் தெரிஞ்சவை பார்ப்பினம், போட்ட போஸ்ட் கீழ போயிடும், வட்சப் கற்றலொக்கை அவற்ற நம்பர் கிடைச்ச ஆள்தான் பார்க்கலாம், மிசின் பழுதாகி நிக்கிற புது ஆளிட்ட அந்த நம்பரே இல்லை, அவர் கூகுளிலதான் தேடுறார் எண்டு சொல்லி அந்த ஸ்கிரீன்சொட்டைக் காட்டுங்கோ.

பிறகு காசுக் கணக்கு வரும். அதை நான் ஈமெயிலில எழுதேல்ல, ஏனெண்டா ஒரு மிசினில அவருக்கு எவ்வளவு நிக்கும் எண்டு உங்களுக்குத் தெரியாது, தெரியாததை எழுதினா ஒரே பார்வையில பிடிச்சிடுவார். நேரில அவரிட்டயே கேளுங்கோ. உதாரணத்துக்கு நீங்கள் கேக்கிறது 60,000 ரூபாய், ஒரு ரெண்டு இஞ்சி மிசினில தனக்கு 5,000 நிக்கும் எண்டு அவர் சொன்னா, கூடுதலா 12 மிசின் போனா போட்ட காசு வந்திட்டுது, மாதம் ஒண்டு எண்டாலும் ஒரு வருசம். பிறகு வருசக் காசுக்கு ரெண்டு மூண்டு மிசின். இந்தக் கணக்கை அவற்ற வாயால வந்த இலக்கத்தில கல்லாவில இருக்கிற துண்டில எழுதிக் காட்டுங்கோ. மாதம் ஒரு புது மிசின் கூடுதலா விக்கிறது நடக்கிற காரியமோ இல்லையோ எண்டு உங்களை விட அவருக்குத்தான் தெரியும். "இல்லைப் பிள்ளை, அவ்வளவு போகாது" எண்டு சொன்னா வெப்சைட்டை அண்டைக்கு வற்புறுத்தாதேங்கோ, மப்பில பதியிற வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு வாங்கோ. கோல் எத்தனை வந்தது எண்ட கணக்கு உங்களிட்ட சேரும். இறைப்புத் தொடங்கிற காலத்துக்கு ஒரு மாதம் முன்னுக்கு அந்தக் கணக்கோட திரும்பப் போய்க் கேளுங்கோ.